வீடியோவிலிருந்தே எடுத்த பிரேமில் தம்ப்நெயிலும் டைட்டில் கார்டும்: நெடுநாள் அனுபவம்

தம்ப்நெயிலுக்கென்று தனியாக போட்டோ எடுப்பதை நான் விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. ஓடும் காட்சியிலிருந்தே ஒரு பிரேமை எடுத்து தம்ப்நெயில் செய்கிறேன், இன்னொன்றை எடுத்து தொடக்க டைட்டில் கார்டு செய்கிறேன். டைட்டில் கார்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. தம்ப்நெயிலுக்கும் நன்றாகவே உதவுகிறது, ஆனால் எந்த நொடியில் தேட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய தடை அசைவால் வரும் மங்கல். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று எடுத்த காட்சி ஓடும்போது கண்ணுக்கு இதமாக இருக்கும். நிறுத்திப் பார்த்தால் நகரும் கை கரைந்து கிடக்கும். ஷார்ப்னெஸ் கூட்டினாலும் தெளியாது, ஓரங்களில் வெள்ளைக் கோடுதான் வரும். அதனால் அசைவு திரும்பும் இடத்தைத் தேடுகிறேன்.

அண்மையில் முடித்த மரவேலை வீடியோவையே எடுத்துக்கொள்ளலாம். இழைப்புளியால் பலகையை இழைக்கும் காட்சி அது. இழைப்புளி முன்னே போகும் பிரேம்கள் எல்லாவற்றிலும் கை மங்கல். தள்ளி முடித்து, பின்னுக்கு இழுக்கும் முன் கை ஒரு கணம் நிற்கிறது. அந்த இடத்தில் இரண்டு மூன்று பிரேம்கள் மட்டும் தெளிவாக இருந்தன. மரச்சுருளும் அப்போதுதான் முழு நீளத்தில் தொங்கியது. அந்த இடத்தைச் சுற்றி இரண்டு நொடிகளை ffmpeg நிரலால் மொத்தமாகப் பிரித்தெடுத்தேன்:

```
ffmpeg -ss 00:03:12 -t 2 -i final.mp4 f_%03d.png
```

50 படங்கள் வந்தன. சிறிதாக்கிப் பார்த்தால் எல்லாமே நன்றாகத் தெரியும் என்பதால், ஒவ்வொன்றையும் 100 சதவீத அளவில் வைத்து விரல் நகத்தின் ஓரத்தை மட்டும் பார்த்தேன். அது தெளிவாக இருந்தால் மற்றதும் தேறும்.

கலர் கிரேடிங் முடிந்த பிறகே பிரேம் எடுப்பது நல்லது. லாக் முறையில் பதிந்த மூலக் கோப்பிலிருந்து எடுத்தால் சாம்பல் பூத்த படம்தான் வரும். அதே சமயம், அதிகம் சுருக்கிய கோப்பிலிருந்து எடுத்தால் இருண்ட பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும். அதனால் பிரேம் எடுப்பதற்கென்றே உயர்ந்த பிட்ரேட்டில் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்துகொள்கிறேன்.

3840x2160 அளவில் பதிந்திருந்தால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் தம்ப்நெயிலுக்கு வேண்டிய 1280x720 கிடைத்துவிடும். கையும் சுருளும் மட்டும் நிறையும்படி வெட்ட முடிந்தது அதனால்தான். வீடியோவின் நேரம் வந்து உட்காரும் வலது கீழ் மூலையில் எதுவும் வைப்பதில்லை. எழுத்து இரண்டு மூன்று சொல்லைத் தாண்டினால் தமிழில் தாங்காது. படத்தை 160 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கும்போது முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்து அடைபடுவது ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் உள்வளைவு. தடித்த எழுத்துருவைவிட நடுத்தரத் தடிமனே நன்றாகப் படிக்கக் கிடைக்கிறது.

டைட்டில் கார்டுக்கு வேண்டியது நேர் எதிரான பிரேம். அதே ஷாட்டில், கை உள்ளே வருமுன் பலகை மட்டும் இருக்கும் நொடிகளில் இடப்பக்கம் முழுக்கக் காலி. எழுத்தை அங்கே வைத்தேன். ஆனால் எடுத்த பிரேமை அப்படியே நிறுத்தி வைத்து கார்டாக ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. படம் நிற்கும்போது அதில் பொடிப்புள்ளிகளாகத் தெரியும் குருணையும் உறைந்துவிடுகிறது. அடுத்து வீடியோ ஓடத் தொடங்கும் கணத்தில் குருணை திடீரென்று உயிர் பெற்று, வெட்டு துருத்திக்கொண்டு தெரிகிறது. பிரேமை வைத்து எழுத்தின் இடம், நிறம், நிழல் எல்லாம் முடிவு செய்கிறேன். பிறகு எழுத்தை மட்டும் பின்னணி இல்லாத PNG ஆக எடுத்து ஓடும் ஷாட்டின் மேல் வைக்கிறேன். ட்ரைபாடில் எடுத்த ஷாட் என்றால் எழுத்து அசையாமல் பொருந்தி நிற்கும், கையில் பிடித்து எடுத்ததென்றால் மிதக்கும். மேலும் கீழும் உயிர்க்குறிகள் நீளும் தமிழுக்கு வரி இடைவெளியைச் சற்றுத் தாராளமாக விட வேண்டும், இல்லையேல் ‘கூ’வின் வாலும் கீழ் வரியின் ‘கீ’யின் மேல்சுழியும் முட்டிக்கொள்ளும்.

குறைந்த வெளிச்சக் காட்சிகளில்தான் இந்த முறை தடுமாறுகிறது, ஒற்றைப் பிரேமில் குருணை அப்பட்டமாகத் தெரியும். அங்கே கேமராவும் ஆளும் அசையாத ஒரு துண்டு இருந்தால், அடுத்தடுத்த எட்டுப் பிரேம்களின் சராசரியை எடுக்கிறேன். ffmpeg-இல் `tmix=frames=8` அதைச் செய்துவிடும். அப்படி ஒரு துண்டு இருக்கட்டும் என்றே இப்போதெல்லாம் படம்பிடிக்கும்போது ஷாட் முடிந்ததும் “கட்” சொல்லாமல் சில நொடிகள் அப்படியே நிற்கச் சொல்கிறேன்.