ரீல்ஸுக்கா, கூகுளுக்கா? அறுபது ஆர்டரை இரண்டு விதமாக எண்ணிப் பார்த்தோம்

பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் மெஷின் விற்கும் ஒரு கடைக்கு நான்தான் விளம்பரம் பார்த்துக்கொள்கிறேன். மோட்டார் வைத்த மெஷின் ஒன்று சுமார் 9,500 ரூபாய். டெலிவரி, கமிஷன் எல்லாம் போக ஒரு மெஷினில் கடைக்கு நிற்பது 1,800 ரூபாய். விளம்பரச் செலவு அதற்குள்தான் அடங்க வேண்டும்.

போன மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு முதலாளி சொன்னார்: “தம்பி, ரீல்ஸுக்குப் போடுற காசு வேஸ்ட்டுப்பா. கடைப் பேரைப் போட்டுத் தேடி வர்றவங்கதான் வாங்குறாங்க. அந்தக் காசையும் கூகுள்லயே போடு.”

அவர் பார்த்தது லாஸ்ட் டச் கணக்கு. அதாவது, வாங்குவதற்கு முன் கடைசியாக எந்த விளம்பரத்தைத் தட்டி உள்ளே வந்தார்களோ, முழு ஆர்டரும் அதன் பேரில் எழுதப்படும். ஃபர்ஸ்ட் டச் இதற்கு நேர் எதிர். கடையை முதன்முதலில் காட்டிக்கொடுத்த விளம்பரத்துக்கே முழுப் பெயரும் போகும்.

கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கும் ஒரு அக்காவின் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். அவர் 3-ஆம் தேதி இன்ஸ்டாகிராமில் எங்கள் ரீல் விளம்பரத்தைத் தட்டி விலை பார்த்தார். 11-ஆம் தேதி கூகுளில் ‘தையல் மெஷின் விலை’ என்று தேடி, எங்கள் விளம்பரம் வழியாக மறுபடி வந்து நம்பரைக் கொடுத்தார். 17-ஆம் தேதி கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் தவணை விவரம் போனது, அந்த லிங்க்கைத் திறந்து பார்த்தார். 22-ஆம் தேதி, சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், கூகுளில் கடைப் பெயரையே அடித்தார். மேலே நின்ற எங்கள் விளம்பரத்தைத் தட்டி ஆர்டர் போட்டார். நான்கு தொடுதல், ஒரு மெஷின். லாஸ்ட் டச் கணக்கில் இது கடைப்பெயர் விளம்பரத்தின் ஆர்டர். ஃபர்ஸ்ட் டச் கணக்கில் இன்ஸ்டாகிராம் ஆர்டர். இரண்டிலுமே நடுவில் இருந்த இரண்டுக்கும் பூஜ்யம்.

அந்த மாதம் வந்த 60 ஆர்டரையும் இப்படி இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

| விளம்பரம் | செலவு (ரூ.) | ஃபர்ஸ்ட் டச் ஆர்டர் | லாஸ்ட் டச் ஆர்டர் |
|---|---|---|---|
| இன்ஸ்டாகிராம் ரீல் | 18,000 | 34 | 9 |
| கூகுள், பொதுத் தேடல் | 12,000 | 22 | 14 |
| கூகுள், கடைப் பெயர் | 6,000 | 4 | 27 |
| வாட்ஸ்அப் செய்தி | 3,000 | 0 | 10 |

லாஸ்ட் டச் படி இன்ஸ்டாகிராமில் ஒரு ஆர்டருக்கு 2,000 ரூபாய் ஆகிறது. மெஷினில் நிற்பதே 1,800 என்பதால் அது நஷ்டம். கடைப்பெயர் விளம்பரத்தில் ஒரு ஆர்டர் 222 ரூபாய்தான். முதலாளியின் கோபம் அங்கிருந்துதான் வந்தது. ஃபர்ஸ்ட் டச் படி பார்த்தால் இன்ஸ்டாகிராம் ஆர்டர் 529 ரூபாய், கடைப்பெயர் விளம்பர ஆர்டர் 1,500 ரூபாய். அதே கடை, அதே 60 பேர். எந்தக் கணக்கை நம்புகிறோமோ அதைப் பொறுத்து மூடவேண்டிய விளம்பரமே மாறிவிடுகிறது.

லாஸ்ட் டச்சின் பெரிய பலம், அது சொல்லும் தகவலில் தப்பு குறைவு என்பது. கடைசித் தட்டலுக்கும் ஆர்டருக்கும் நடுவே பெரும்பாலும் சில நிமிடம்தான். அதே போன், அதே பிரவுசர். எதுவும் தொலைந்துபோக நேரமில்லை. ஆனால் பணத்தை எந்த விளம்பரத்தில் போடுவது என்ற என் கேள்விக்கு அந்தத் தகவல் பதில் இல்லை. கடைப் பெயரை அடித்துத் தேடுகிறவருக்குக் கடை ஏற்கெனவே தெரியும். அவரை அந்த இடம்வரை கொண்டுவந்தது வேறு ஏதோ ஒன்று. தவிர, கடைப்பெயர் விளம்பரத்தில் பணத்தைக் கூட்டினாலும் ஆர்டர் ஏறாது. கூகுள் ஆட்ஸில் `Search impr. share` என்று ஒரு பத்தி இருக்கிறது. நம் விளம்பரம் வரத் தகுதியான தேடல்களில் எத்தனை சதவீதத்தில் வந்தது என்று அது காட்டும். எங்கள் கடைப் பெயருக்கு அது 92 சதவீதம். தேடுகிற எல்லார் கண்ணிலும் ஏறக்குறைய பட்டாகிவிட்டது. அங்கே இன்னும் 18,000 ரூபாயைக் கொட்டினாலும், தேடுகிறவர்கள் கூடாமல் ஆர்டர் எங்கிருந்து வரும்? இதை முதலாளியிடம் காட்டியபோதுதான் அவர் கொஞ்சம் யோசித்தார்.

சரி, அப்படியானால் ஃபர்ஸ்ட் டச்தானே நியாயமான கணக்கு? அது கேட்கும் கேள்வி சரியானதுதான். அளவைதான் ஓட்டை. ‘முதல்’ என்று அதில் வருவது உண்மையில் நமக்குப் பதிவான முதல் மட்டுமே. ரீலை மகள் போனில் பார்த்துவிட்டுத் தன் போனில் ஆர்டர் போட்டால் முதல் தொடுதல் போய்விடும். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பிரவுசரும் குரோமும் வேறு வேறு. ஒன்றில் பதிந்த அடையாளம் மற்றதில் இருக்காது. ஐபோனில் சஃபாரி பயன்படுத்துகிறவர் ஏழு நாள் நம் தளத்தைத் தொடாமல் இருந்தால், ஸ்கிரிப்ட் எழுதிவைத்த அடையாளத்தை சஃபாரியே அழித்துவிடும். முதல் தொடுதலுக்கும் ஆர்டருக்கும் நடுவே மூன்று வாரம் ஓடும் எங்கள் மாதிரிக் கடைக்கு இது சின்ன விஷயமில்லை. என் பட்டியலில் கடைப்பெயர் விளம்பரத்துக்கு ஃபர்ஸ்ட் டச்சில் 4 ஆர்டர் இருக்கிறதே, அதை நான் முழுதாக நம்பவில்லை. அந்த நான்கு பேரில் சிலர் எங்கோ ரீலைப் பார்த்துவிட்டு, தடம் அழிந்தபின் வந்தவர்களாக இருக்கலாம். எம்.சி. ரோடுக்குத் துணி வாங்க வந்தபோது கடை போர்டைப் பார்த்தவர்களாகவும் இருக்கலாம்.

இரண்டையும் ஒரே ஆர்டரில் பதிந்துகொள்வது கஷ்டமில்லை. ஒவ்வொரு விளம்பர லிங்க்கின் கடைசியிலும் `?utm_source=instagram` என்பது மாதிரி, விளம்பரத்துக்கு ஒரு தனிப் பெயரோடு வால் சேர்த்துவிட்டு, தளத்தில் இந்தச் சில வரிகளைப் போட்டால் போதும்.

```
const s = new URLSearchParams(location.search).get("utm_source");
if (s) {
  if (!localStorage.getItem("first")) localStorage.setItem("first", s);
  localStorage.setItem("last", s);
}
```

முதல் பெயர் ஒருமுறை எழுதினால் மாறாது. கடைசிப் பெயர், விளம்பரம் வழியாக வரும் ஒவ்வொரு வருகையிலும் புதிதாகும். ஆர்டர் படிவத்தில் இரண்டையும் மறைவாகச் சேர்த்து அனுப்பிவிடலாம். கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ஐ மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு ஒன்று: ஃபர்ஸ்ட் கிளிக் கணக்குமுறையை அதிலிருந்து 2023-இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் `User acquisition` அறிக்கையில் `First user source / medium` இன்னும் இருக்கிறது. புது வாடிக்கையாளர் முதலில் எப்படி வந்தார் என்பதை அங்கே பார்க்கலாம். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவும் கூகுளும் தங்கள் விளம்பரப் பக்கத்தில் காட்டும் எண்களை இதோடு சேர்க்காதீர்கள். மெட்டா பொதுவாகத் தட்டி ஏழு நாளுக்குள் வந்த ஆர்டரையும், பார்த்து ஒரு நாளுக்குள் வந்த ஆர்டரையும் தன்னுடையதாக எழுதிக்கொள்ளும். அதே ஆர்டரைக் கூகுளும் எழுதிக்கொள்ளும். கூட்டினால் கடையில் விற்றதைவிட அதிகம் வரும்.

அப்புறம், இரண்டு கணக்கில் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று தெரிய ஒரே வழி, விளம்பரத்தை நிறுத்திப் பார்ப்பதுதான். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நிறுத்தினால் குழப்பம். ஆடியில் கல்யாண பிளவுஸ் ஆர்டர் குறையும், தீபாவளிக்கு முன் ஏறும். விற்பனை ஏறினதும் இறங்கினதும் விளம்பரத்தாலா மாதத்தாலா என்று பிரிக்க முடியாது. அதனால் வடசென்னையை இரண்டாகப் பிரித்தோம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் ஒரு பக்கம். வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் இன்னொரு பக்கம். முதல் பக்கத்தில் மட்டும் வரைபடத்தில் வட்டம் போட்டு ரீல் விளம்பரத்தை விலக்கினோம். மற்ற மூன்றும் இரண்டு பக்கமும் வழக்கம்போல ஓடின. முந்தைய மாதம் ரீல் பார்த்தவர்கள் அடுத்த சில நாளும் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால், முதல் இரண்டு வாரத்தை விட்டுவிட்டு அதன்பின் வந்த நான்கு வாரத்தை மட்டும் எண்ணினோம்.

முன்பு முதல் பக்கத்தில் 28 ஆர்டர், மறு பக்கத்தில் 32. சோதனை நாட்களில் முதல் பக்கம் 19, மறு பக்கம் 33. மறு பக்கம் கிட்டத்தட்ட அசையவில்லை. அதே கணக்கில் முதல் பக்கத்தில் 29 வந்திருக்க வேண்டும், 10 குறைந்தது. அங்கே மிச்சமான ரீல் செலவு 9,000 ரூபாய். அப்படியென்றால் ரீல் கொண்டுவரும் ஒரு ஆர்டருக்கு 900 ரூபாய். ஃபர்ஸ்ட் டச் சொன்ன 529-க்கும் லாஸ்ட் டச் சொன்ன 2,000-க்கும் நடுவில் அது நிற்கிறது.

வேறு விதமாகவும் பார்க்கலாம். ஃபர்ஸ்ட் டச் படி, முதல் பக்கத்தின் 28 ஆர்டரில் 16 ரீலால் வந்தவை. ரீலை நிறுத்தியதும் 16 போயிருக்க வேண்டும், ஆனால் 10-தான் போனது. ரீலைப் பார்க்காவிட்டாலும் பொதுத் தேடலிலோ தெருவிலோ எங்களைக் கண்டுபிடித்திருப்பவர்கள் அந்த மிச்சம். லாஸ்ட் டச் படி ரீலின் பங்கு 4 ஆர்டர்தான். அது பாதிக்கும் மேல் மறைத்துவிட்டது. கடைப்பெயர்த் தேடலும் ரீல் நின்ற பக்கத்தில்தான் இறங்கியது. 222 ரூபாய் ஆர்டர் என்று நாங்கள் கொண்டாடியதில் ஒரு பகுதி ரீல் சம்பாதித்துக் கொடுத்தது.

எண்கள் சின்னவை. 10 என்பது 6 ஆகவோ 14 ஆகவோ இருந்திருக்கலாம். திருவொற்றியூரில் வீடும் பெரம்பூரில் வேலையுமாக இருப்பவர் எந்தப் பக்கம் என்ற சிக்கலும் உண்டு. ஆனால் 6 என்றே வைத்தாலும் ஒரு ஆர்டர் 1,500 ரூபாய்தான் ஆகிறது, 1,800-க்குள் அடங்குகிறது. ரீலை மூட வேண்டாம் என்ற முடிவுக்கு அது போதும்.

பில் புத்தகத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். முன்பு கவுண்டரில் இருக்கும் பையன், “எங்கக்கா பார்த்தீங்க?” என்று கேட்டு எழுதுவான். ஏறக்குறைய எல்லாரும் “கூகுள்ல” என்பார்கள். கேட்கும்போது நினைவுக்கு வருவது கடைசியாகப் பார்த்ததுதான். இப்போது, “எங்க கடையை முதல்ல எப்படித் தெரியும்?” என்று கேட்கிறான். “பக்கத்து வீட்டு அக்கா ரீல் காட்டினாங்க” என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஸ்கிரிப்டும் பிடிக்காத முதல் தொடுதல் அது.

அடுத்து கடைப்பெயர் விளம்பரத்தையும் இதே மாதிரி ஒரு பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த 27 பேரில் எத்தனை பேர் கீழே இருக்கும் இலவச முடிவைத் தட்டி வருவார்கள், எத்தனை பேரை வேறு கடையின் விளம்பரம் இழுத்துக்கொள்ளும் என்பது நிறுத்தினால்தான் தெரியும். முதலாளி ஒத்துக்கொண்டுவிட்டார், தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் முடித்துவிடச் சொல்கிறார்.