கேபிளைச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் சார்ஜ் ஏறுற ஸ்பீக்கர்: என்னோட நாலு வருஷ அனுபவம்

ரங்கூன்ல எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை பஜனை பழகுறதுக்காக 2020ல ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். மைக்ரோ யுஎஸ்பி போர்ட். சத்தத்துல இன்னிக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்ல, தொல்லை குடுத்தது எல்லாமே அந்தச் சார்ஜ் ஓட்டைதான்.

மூணாவது வருஷம் கேபிளைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சாத்தான் லைட் எரிய ஆரம்பிச்சுது. நான் என்ன பண்ணேன்னா கேபிளுக்கு அடியில ஒரு தீப்பெட்டியைச் சொருகி வச்சேன். கொஞ்ச நாள்ல அது பத்தல, தீப்பெட்டி மேல சீப்பை வச்சேன். இங்க கரண்ட் முறை வச்சுத்தான வருது, ராத்திரி கரண்ட் வர்ற நேரத்துல சொருகிட்டுப் படுத்தா யாராவது மேசையைத் தட்டி லைட் அணைஞ்சிருக்கும், காலையில பாத்தா சார்ஜே ஏறியிருக்காது.

இப்போ யோசிச்சா அந்தத் தீப்பெட்டிதான் நான் பண்ண பெரிய தப்பு. போர்ட்டோட தகரக் கூட்டுக்கு நாலு கால் இருக்கும், அதுதான் உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டோட ஈயத்துல ஒட்டியிருக்கும். கேபிளை மேல நெம்பி வைக்கும்போது அந்த ஈயம் கொஞ்சம் கொஞ்சமா வெடிக்குது, அப்புறம் செம்புத் தகட்டையே போர்டுலேர்ந்து உரிச்சிடுது. வெடிப்பா இருக்கும்போதே கொண்டு போயிருந்தா மறுபடி ஈயம் வச்சாலே போதும், அஞ்சு நிமிஷ வேலை.

உங்களுக்கும் இப்படி ஆனா மொதல்ல வேற ஒரு நல்ல கேபிளைப் போட்டுப் பாருங்க. மைக்ரோ யுஎஸ்பில பிடிச்சு வைக்கிற ரெண்டு கொக்கியும் கேபிள் முனையிலதான் இருக்கு, தேய்றதும் பெரும்பாலும் அதுதான். அடுத்து ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, பஞ்சும் தூசியும் அடைச்சிருந்தா பல்குத்துற மரக்குச்சியால மெதுவா எடுங்க, ஊசி மட்டும் வேணாம். அதுக்கும் சரியாகலன்னா கேபிளைச் சொருகி லேசா ஆட்டிப் பாருங்க. போர்ட் அசையாம கேபிள் மட்டும் லொடலொடன்னு ஆடுனா போர்ட்டோட வாய் தேஞ்சிருக்கு, கேபிளோட சேந்து போர்ட்டே உள்ள ஆடுனா ஈயம் விட்டிருக்கு. என்னோடது ரெண்டாவது.

மொத போன கடையில போர்ட்டைச் சுத்தி சூப்பர் க்ளூ ஊத்தி 3,000 கியாட் வாங்கிட்டாங்க. ரெண்டு வாரம் நின்னுச்சு, அப்புறம் எந்தப் பக்கம் சாய்ச்சாலும் சார்ஜே ஏறல. பசை உள்ள எறங்கி கம்பிமேல படிஞ்சிடுச்சு. இதை நினைச்சா இப்பவும் கோவம் வருது.

அப்புறம் அனோரதா ரோடு காளி கோயிலுக்குப் போனப்போ, பக்கத்துத் தெருவுல ரிப்பேர் பாக்குற நம்ம தமிழ் பாய் ஒருத்தர்கிட்ட காட்டினேன். பிரிச்சதும் மொத வேலையா பேட்டரி வயரைத்தான் கழட்டினார். "லித்தியம் தங்கச்சி, பக்கத்துல சூடு காட்டக் கூடாது"ன்னார். லென்ஸ் வழியா என்னையும் பாக்கச் சொன்னார், ஒரு பக்கத்து ரெண்டு காலும் செம்போட பேந்து நிக்குது. அஞ்சு முனையில ஓரத்துல இருக்கிற ரெண்டுதான் கரண்டுக்கு, ஒண்ணு ப்ளஸ் இன்னொண்ணு மைனஸ், அதுல ப்ளஸோட தகடு காணோம்.

டைப் சி போட முடியுமான்னு கேட்டேன். போடலாம், ஆனா ஓட்டையை அறுத்துப் பெருசாக்கணும், அதோட போர்ட்டுக்குப் பின்னாடி 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் சி முனை இருக்கிற கேபிள்ல சார்ஜ் ஏறும், அது இல்லாத மலிவுப் போர்ட் ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியா இருக்கிற கேபிள்லதான் வேலை செய்யும்னார். நான் பழைய வகையே போதும்னுட்டேன். ஹாட் ஏர்ல பழசை எடுத்துட்டு, போர்டுல ஓட்டை வழியா கால் எறங்குற புதுப் போர்ட்டை வச்சார், மேலோட்டமா ஒட்டுறதை விட அது பிடிமானம். போன தகட்டுக்குப் பதிலா முடி மாதிரி ஒரு எனாமல் கம்பியை ப்ளஸ் முனையிலேர்ந்து பக்கத்துக் கெப்பாசிட்டருக்கு இழுத்து வச்சார். 18,000 கியாட் ஆச்சு.

மூடுறதுக்கு முன்னாடி யுஎஸ்பி மீட்டர் போட்டுக் காட்டினார், ஒரு ஆம்பியர் கிட்ட நின்னுச்சு, கேபிளை நாலு பக்கமும் ஆட்டியும் விழல. கடையில சரி பண்ணி வாங்குறப்போ இந்த ஒரு சோதனையைக் கண்டிப்பா கேளுங்க, லைட் எரியுதான்னு மட்டும் பாத்தா தெரியாது.

ஒண்ணை மட்டும் ஒத்துக்கணும், பிரிச்சதுல ரப்பர் சீல் கிழிஞ்சு போச்சு, இனிமே மழையில வைக்க முடியாது. இப்போ பதினாலு மாசம் ஆச்சு. கேபிளை நேரா சொருகி நேரா உருவுறேன், சார்ஜ் ஏறும்போது ஸ்பீக்கரைத் தூக்குறதில்ல, மேசைமேல படுத்தமாதிரி வச்சுக்குறேன். போன வெள்ளிக்கிழமை பஜனை முடியிற வரைக்கும் நிக்காம ஓடுச்சு.