பன்னிரண்டு துடிப்பு ரெக்டிஃபையர்: ஸ்டார்–டெல்டா மின்மாற்றியோடு பல வருட அனுபவம்

கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் அனோடைசிங் தொட்டிக்கு 20 வோல்ட், 2000 ஆம்பியர் டிசி கொடுப்பது ஒரு பன்னிரண்டு துடிப்பு ரெக்டிஃபையர். மின்மாற்றியில் ஒரு செகண்டரி ஸ்டார், மற்றது டெல்டா. ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோட் பிரிட்ஜ், இரண்டும் சமாந்தரமாக இணைந்து தொட்டிக்குப் போகின்றன. மின்மாற்றி உறுதியானது, இன்றுவரை நிற்கவில்லை. ஆனால் ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக் இரண்டும் முழுதாக அழிந்துவிடும் என்ற விற்பனைப் பேச்சை அப்படியே நம்ப முடியாது.

ஸ்டாருக்கும் டெல்டாவுக்கும் 30 பாகை வித்தியாசம். அதனால் இரண்டு பிரிட்ஜின் 250, 350 ஹேர்ட்ஸ் கரண்டுகளும் பிரைமரியில் ஒன்றுக்கொன்று நேரெதிராக வந்து சேர்ந்து அழிகின்றன. பதினொன்றாவதும் பதின்மூன்றாவதும் மிஞ்சும். செகண்டரி சுற்றுகளில் ஐந்தும் ஏழும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அங்கே சூடு குறையாது.

அழிவதற்கு இரண்டு பிரிட்ஜும் சம கரண்ட் எடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். டெல்டாவில் ஸ்டாரைவிட 1.732 மடங்கு சுற்று வேண்டும். இவ்வளவு குறைந்த வோல்டேஜில் சுற்றுகளே சில. எங்களுடையதில் ஸ்டாருக்கு 4, டெல்டாவுக்கு 7, அதாவது 1.75. டெல்டா ஒரு சதவீதம் கூட. டிசியில் அது 0.2 வோல்ட்.

சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் மின்மாற்றியின் ரியாக்டன்ஸ் 5 சதவீதம் என்றால், ஒரு பிரிட்ஜ் 1000 ஆம்பியர் எடுக்கும்போது அதில் விழுவதே அரை வோல்ட்தான். ஆகவே 0.2 வோல்ட் 400 ஆம்பியர் வித்தியாசத்தை உண்டாக்கும். டிசி கிளாம்ப் மீற்றரை ஒவ்வொரு பிரிட்ஜிலும் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 1200, 800. ஆறு துடிப்பில் ஐந்தாம் ஹார்மோனிக் அடிப்படைக் கரண்டில் 20 சதவீதம் என்று வைத்தால், இங்கே 4 சதவீதம் பிரைமரியில் மிஞ்சும். சிறிய சரக்குப் போட்டு பாதி லோடில் ஓட்டினால் பங்கு 700, 300 ஆகி, மிச்சம் 8 சதவீதம்.

இரண்டு பிரிட்ஜுக்கும் இடையில் ரியாக்டர் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது 300 ஹேர்ட்ஸில் கணத்துக்குக் கணம் மாறும் வேறுபாட்டைத்தான் தாங்கும். நிலையான வேறுபாட்டுக்கு அது உதவாது.

நாங்கள் செய்தது, டெல்டா பிரிட்ஜின் பஸ்பாரை நீட்டியது. 500 சதுர மில்லிமீற்றர் செம்பில் ஆறு மீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டினால் 0.2 மில்லிஓம். 1000 ஆம்பியரில் அது அந்த 0.2 வோல்டைச் சரிக்கட்டும், 200 வாட் சூடாகப் போகும். முழு லோடில் இப்போது நல்ல சமம். பாதி லோடில் இன்னும் ஏறத்தாழ 580, 420 இருக்கிறது, அதோடு வாழலாம்.

அப்புறம், அமிலப் புகையும் கடற்காற்றும் சேர்ந்து பஸ்பார் இணைப்புகளைக் கறுக்க வைக்கும். ஒரு பக்கத்து இணைப்பு கறுத்தாலே பங்கு மாறிவிடும். அதனால் இணைப்புகளைத் துப்புரவாக்கி இறுக்கும்போதெல்லாம் இரண்டு பிரிட்ஜையும் கிளாம்ப் போட்டு ஒப்பிட்டு எழுதி வைக்கிறோம். புதிதாக ஒன்று சுற்றுவிப்பதென்றால் 11க்கு 19 கேட்பேன். அதில் பிழை 0.3 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் சுற்று கூடுவதால் பெரிய வோல்டேஜுக்குத்தான் அது சரிவரும்.