512 ஜிபி கார்டு என்று வாங்கினேன், உள்ளே இருந்தது 32

ரங்கூனில் மலிவு விலைக்கு மெமரி கார்டு வாங்குகிறவர்கள் கொஞ்சம் நின்று இதைப் படியுங்கள்.

சூலே பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் 512 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு வாங்கினேன். மற்ற கடைகளில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குதான். போனில் போட்டதும் அளவு சரியாகவே காட்டியது. பீலிக்கான் கோயில் திருவிழாப் படங்களைக் கேமரா கார்டிலிருந்து அதற்கு மாற்றினேன். நாலைந்தைத் திறந்து பார்த்தேன், நன்றாக இருந்தன. அந்த நம்பிக்கையில் கேமரா கார்டை அழித்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்கும் அதிலேயே எடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அம்மா, "அப்பா தீ மிதிச்ச படத்தைக் காட்டுப்பா" என்றார். பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, படம் திறக்கவில்லை. ஒரே ஒரு படத்தில் அப்பாவின் தலைப்பாகை வரை வந்தது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அந்தக் கார்டுக்குள் இருந்தது 32 ஜிபி சிப். அதன் கன்ட்ரோலரை 512 என்று பொய் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். கணினி, கார்டு சொல்வதைத்தான் காட்டும். ஃபார்மட் செய்தாலும் அதே 512தான் வரும். இடம் தீர்ந்த பிறகு எழுதுவதைச் சில கார்டுகள் சத்தமில்லாமல் தொலைத்துவிடும், சில பழைய படங்களின் மேலேயே எழுதிவிடும். கோப்புப் பெயர்களின் பட்டியல் பெரும்பாலும் கார்டின் தொடக்கத்தில் இருப்பதால் அது மட்டும் பிழைத்துக்கொள்கிறது. மாற்றிய கையோடு திறந்தால் கணினி தன் நினைவில் வைத்திருக்கும் நகலைக் காட்டிவிடும். நான் ஏமாந்தது அதில்தான்.

ஆகவே படம் எதுவும் போடுவதற்கு முன், கார்டு காலியாக இருக்கும்போதே சோதியுங்கள். விண்டோஸில் `H2testw` என்ற இலவச நிரல் இருக்கிறது. கார்டைத் தேர்ந்தெடுத்து, `all available space` வைத்து, `Write + Verify` அழுத்தினால் போதும். லினக்ஸில் `F3` என்ற நிரல், கார்டு இருக்கும் பாதையைக் கொடுங்கள்:

```
f3write /media/card
f3read /media/card
```

இரண்டும் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். எனக்கு `Data OK` என்று வந்தது 29 ஜிபி சொச்சம். மீதி அத்தனையும் `Data LOST`. நல்ல கார்டென்றால் `LOST` பூஜ்யமாக இருக்க வேண்டும்.

நேரம் பிடிக்கும். நொடிக்கு 10 எம்பி வேகத்தில் 512 ஜிபி எழுத மட்டுமே 14 மணி நேரம் ஆகும். இங்கே கரண்ட் போவது தெரிந்ததுதானே, அதனால் முதலில் `f3write --end-at=80 /media/card` என்று 80 ஜிபி மட்டும் எழுதிப் படித்துப் பார்க்கலாம். என் கார்டு அதிலேயே மாட்டியிருக்கும். ஆனால் 80 தேறினால் 512ம் தேறியது என்று அர்த்தமில்லை. மீதியையும் ஓட்டத்தான் வேண்டும்.

ஏற்கெனவே படம் ஏற்றிவிட்டீர்களா? அதில் இனி எதையும் எழுதாதீர்கள், இந்தச் சோதனையும் வேண்டாம். திறக்கிற படங்களை முதலில் வேறிடத்துக்கு எடுங்கள். தொலைந்தவை அந்தக் கார்டில் இல்லை, மீட்பு நிரலுக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய கேமரா கார்டு கையில் இருந்தால் அதில் `PhotoRec` என்ற இலவச மீட்பு நிரலை ஓட்டிப் பாருங்கள். நான் அதன் மேலேயே கல்யாணப் படம் எடுத்துவிட்டதால் 40 படம்தான் கிடைத்தது. அப்பா படம் அதில் இல்லை.