ஏலகிரி 'லேக் வியூ' வில்லாவும் திரும்பி வராத காஷன் டெபாசிட்டும்

ஆஃபீஸ் அலுப்பு தீர ரெண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு வரலாம் என்று சென்னையிலிருந்து ஏலகிரிக்கு வில்லா பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் போடுங்கள். இடத்தின் பெயரை எழுதவில்லை, எழுதியும் பயனில்லை, ஏனென்றால் அதே கட்டடம் இப்போது வேறு பெயரில் விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் எப்படி ஆளைப் பிடிக்கிறார்கள், எங்கே காசைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் டீமில் ரிலீஸ் முடிந்த வாரம் அது. நான், கணவர், பையன், என் அம்மா. மகாபலிபுரம் போனால் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடத் தோன்றும், பாண்டிச்சேரியில் சனிக்கிழமை கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம், ஏற்காடு ரொம்ப தூரம். ஏலகிரி சுமார் 230 கிலோமீட்டர், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டித் திரும்பினால் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த பதினாலு கொண்டை ஊசி வளைவுதான், ஊட்டி மாதிரி குளிரும் இருக்காது. அதனால் அதையே முடிவு செய்தோம்.

இன்ஸ்டாகிராமில் பார்த்த பேஜ் அது. 'லேக் வியூ பிரைவேட் பூல் வில்லா, ஃபேமிலிக்கு அமைதியான இடம்' என்று போட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டபோது ஒரு இரவுக்கு 9,000, பாதி அட்வான்ஸ், வந்ததும் 5,000 காஷன் டெபாசிட், போகும்போது திருப்பித் தருவோம் என்றார் மேனேஜர். "வேற யாராவது இருப்பாங்களா?" என்று எழுதிக் கேட்டேன், "உங்களுக்கு மட்டும்தான் மேடம், ஃபுல் பிரைவஸி" என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது, பின்னால் அதுதான் உதவியது.

போய்ப் பார்த்தால் வில்லா என்பது மூன்று போர்ஷனாகப் பிரித்த ஒரு கட்டடம். எங்களுக்குக் கீழ்த்தளம், மேலே ஒரு கல்லூரிக் கூட்டம், பின்னால் இன்னொரு குடும்பம், பூல் எல்லோருக்கும் பொது. லேக் வியூ இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், மொட்டை மாடியின் ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால் புங்கனூர் ஏரி ஒரு கீற்று தெரியும், ஆனால் மொட்டை மாடி மேலே இருப்பவர்களுக்கு மட்டும். பூலைப் பார்த்ததுமே அம்மா பையனைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். பச்சையாக இருந்தது, ஆழமான பக்கத்தில் தரையில் இருக்கும் வடிகால் மூடி கண்ணுக்கே தெரியவில்லை. எந்த பூலாக இருந்தாலும் அந்த மூடி தெளிவாகத் தெரியவில்லை என்றால் குழந்தையை இறக்காதீர்கள், தண்ணீர் கெட்டிருக்கிறது என்பது ஒரு பக்கம், உள்ளே ஒருவர் மூழ்கினாலும் வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

இரவுதான் உண்மையான கூத்து. ஒன்பது மணிக்கு மேல் மேலே ஸ்பீக்கரைப் போட்டார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கேர்டேக்கர் தம்பியிடம் போய்ச் சொன்னால் பாவம் அவன், "அக்கா, நான் என்ன பண்றது, அவங்களும் காசு குடுத்துதானே வந்திருக்காங்க, ஸ்பீக்கரே நம்மளதுதான்க்கா" என்கிறான். ஆமாம், ஸ்பீக்கர் அந்த இடத்துக்காரர்களே வாடகைக்குக் கொடுப்பது! இதற்குச் சட்டம் இருக்கிறது, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மேனேஜர் போனை எடுக்கவில்லை, அதனால் 100க்கு அடித்தோம், அங்கிருந்து அவருக்கு போன் போனதும் பாட்டு நின்றது. கத்தல் நிற்கவில்லை. தூங்கப் போன இடத்தில் விடிய விடிய விழித்திருந்துவிட்டுக் காலையில் காபி போட்டுக் குடித்தோம்.

செக் அவுட்டின்போது டெபாசிட்டில் 1,400 மட்டும் ஜிபேயில் வந்தது. மீதி 3,600 எங்கே என்றால் டவலில் கறை 800, கிச்சன் க்ளீனிங் 1,300, 'பூல் மெயின்டனன்ஸ்' 1,500. நாங்கள் கால்கூட நனைக்காத பூலுக்கு! கறை என்று காட்டிய டவல் நாங்கள் மடிப்பே பிரிக்காமல் அலமாரியில் விட்டது, அந்தப் பழுப்புக் கறை துவைத்துத் துவைத்து நூலோடு ஊறிப் போன கறை. நாங்கள் உள்ளே நுழைந்தவுடன் என் கணவர் பழக்கதோஷத்தில் ரூம், பாத்ரூம், அலமாரி எல்லாவற்றையும் போனில் ஓட்டி வீடியோ எடுத்திருந்தார், வாடகை வீடு மாறி மாறி வந்த பழக்கம். அதில் அந்த டவல் கறையோடு தெரிகிறது.

வீட்டுக்கு வந்து அந்த மேனேஜரின் மொபைல் நம்பரை கூகுளில் போட்டுப் பார்த்தேன். அதே நம்பர் இன்னும் சில வில்லா பெயர்களில் வருகிறது, அதில் ஒன்று எங்கள் கட்டடமேதான், ஆனால் அங்கே வாசகம் 'பேச்சிலர்ஸ் வெல்கம், டிஜே ஸ்பீக்கர், கேம்ப்ஃபயர்'. தூக்கம் தேடுகிறவருக்கு ஒரு பேஜ், கும்மாளம் தேடுகிறவருக்கு ஒரு பேஜ், கட்டடம் ஒன்றுதான். அதனால் பணம் போடும் முன் நம்பரைத் தேடிப் பாருங்கள். கூகுள் மேப்பில் ரிவ்யூவைப் புதியது முதலில் என்று மாற்றி, ஓனர் போட்ட படங்களை விட்டுவிட்டு வந்து தங்கியவர்கள் போட்ட படங்களை மட்டும் பாருங்கள். சாட்டிலைட் வியூவில் கட்டடத்தின் அளவும் ஒட்டியிருக்கும் வீடுகளும் தெரிந்துவிடும். அப்புறம் வீடியோ கால் கேளுங்கள், கேட்டிலிருந்து பூல் வரை கட் பண்ணாமல் நடந்து காட்டச் சொல்லுங்கள், 'நெட்வொர்க் இல்லை மேடம்' என்று நழுவினால் அடுத்த இடத்தைப் பாருங்கள். டெபாசிட்டில் எதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், போனில் பேசியது எதற்கும் ஆகாது.

இன்னொன்று, திங்கள்கிழமை லீவு கிடைக்குமானால் சனி இரவை விட்டுவிட்டு ஞாயிறு இரவுக்கு எடுங்கள். கூட்டமெல்லாம் ஞாயிறு மதியமே மலை இறங்கிவிடும், வாடகையும் பெரும்பாலும் குறையும், ஸ்ரீபெரும்புதூரில் ஞாயிறு சாயங்கால நெரிசலில் நிற்கவும் வேண்டாம்.

காசு விஷயத்தில், நாமே அனுப்பிய யூபிஐ பணத்தை பேங்க் திருப்பி வாங்கித் தராது. 1930 சைபர் மோசடிக்கானது, இடமே இல்லாமல் பணம் பறித்தார்கள் என்றால் உடனே அதற்கு அடியுங்கள். இங்கே இடம் இருந்தது, சொன்ன மாதிரி இல்லை, அதனால் இது நுகர்வோர் புகார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தேன். அதில் தீரவில்லை என்றால் 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஏலகிரி இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு அலைய வேண்டாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, ரெண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

புகார் போன பிறகு மேனேஜர் தானாகவே கூப்பிட்டார், "மேடம், ரெண்டாயிரம் போட்டுடறேன், கம்ப்ளெயின்ட்ட எடுத்துடுங்க" என்றார். 3,600ம் வந்தால் எடுக்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருக்கிறேன். ப்ளூ டிக் விழுந்துவிட்டது, பணம் இன்னும் வரவில்லை.