பல் வெளுப்பு: Dodge, லைட்ரூம் பிரஷ், Hue/Saturation – மூன்றில் எது?

அரிச்சல்முனையில் மாலை ஐந்தரைக்கு மேல் எடுக்கிற ஜோடிப் படங்களில் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். வெயில் தாழ்ந்து பொன்னிறமாக விழும். முகமும் பட்டுச் சேலையும் அதில் அழகாகிவிடும், பல் மட்டும் மஞ்சளாகத் தெரியும். ஆல்பத்துக்குப் போகும் முன் அதைச் சரிசெய்ய நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் மூன்று வழிகள் புழங்குகின்றன: போட்டோஷாப்பின் Dodge Tool, லைட்ரூமின் பிரஷ், போட்டோஷாப்பின் Hue/Saturation லேயர். என் சாய்வு மூன்றாவதன் பக்கம். மஞ்சளை எடுக்கும்போது பல் சாம்பலாகிப் போவதன் காரணம் அதில்தான் எண்களாகவே கண்ணுக்குத் தெரிகிறது, சரிசெய்யவும் முடிகிறது.

Dodge பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது வெளிச்சத்தைக் கூட்டும், நிறத்தை எடுக்காது. Protect Tones டிக் போட்டிருந்தால் இருக்கிற நிறத்தைக் காப்பாற்றவே பார்க்கும். ஆகவே மங்கிய மஞ்சள் பளிச்சென்ற மஞ்சளாகும், அவ்வளவுதான். அதை மறைக்க Sponge Tool எடுத்து நிறத்தை உறிஞ்சினால் பல் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். அசல் லேயரிலேயே தேய்த்திருந்தால் திரும்பிப் போகவும் வழி இருக்காது.

லைட்ரூம் பிரஷ்ஷின் பலம் வேகம். ஒரே வெளிச்சத்தில் நாற்பது படங்கள் இருந்தால் Saturation-ஐ -30 அளவிலும் Exposure-ஐ +0.15 அளவிலும் வைத்துப் பல்லின்மேல் ஓட்டிவிடலாம். அது எல்லா நிறத்தையும் ஒருசேரக் குறைப்பதுதான் குறை. பிரஷ் ஈறிலோ உதட்டோரத்திலோ கொஞ்சம் ஏறினாலும் அந்த இடம் வெளிறிப் போகும். சிறிய அளவில் போகிற குழுப்படத்துக்கு இது போதும். ஆல்பத்தின் முழுப்பக்கப் படத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இனி Hue/Saturation. முதலில் பல்லை மட்டும் தேர்ந்தெடுத்து அந்த லேயரைச் சேர்த்தால், தேர்வு தானாகவே மாஸ்க் ஆகிவிடும். மாஸ்க்கை ஒரு பிக்சல் Feather செய்துகொள்ளுங்கள். பிறகு Master-ஐத் தொடாமல் Yellows-க்குப் போங்கள். பலர் இடறுவது இந்த இடத்தில்தான்.

Yellows முழு வலுவோடு வேலை செய்வது நிறச்சக்கரத்தில் 45 டிகிரியிலிருந்து 75 டிகிரி வரை உள்ள நிறங்களில். 45-க்குக் கீழே போகப் போக அதன் பிடி தளர்ந்து, 15-இல் முற்றிலும் நின்றுவிடும். பொன்வெயிலில் எடுத்த பல்லோ பெரும்பாலும் 30-க்கும் 40-க்கும் நடுவில் நிற்கும். ஆகவே -50 என்று இழுத்தாலும் பல்லுக்குப் போய்ச் சேர்வது அதில் ஒரு பங்குதான். ‘இன்னும் மஞ்சள் போகலையே’ என்று -90 வரை இழுப்பார்கள், பிறகு Lightness-ஐயும் ஏற்றுவார்கள். பல் வேற்று முகத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் ஆவது இப்படித்தான். இதற்கு ஒரு சின்ன வேலை போதும்: Yellows-இல் இருந்தபடியே ஐட்ராப்பரால் பல்லின் நடுப்பகுதியை ஒருமுறை கிளிக் செய்தால், கீழேயுள்ள பட்டையில் எல்லை பல்லின் நிறத்துக்கு நகர்ந்துவிடும்.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். ஐட்ராப்பரின் Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்து, மணப்பெண்ணின் முன்பல்லின் நடுவில் அளந்தால் Info பலகத்தில் R 214, G 180, B 128 என்று வருகிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடைவெளி 86. அதே முகத்தில் கண்ணின் வெள்ளை விழி R 205, G 190, B 172. இடைவெளி 33. இந்த வெளிச்சத்தில் ‘வெள்ளை’ என்பது எப்படித் தெரியும் என்பதற்கு அந்த விழிதான் அளவுகோல். அதுவும்கூடச் சுத்த வெள்ளை இல்லை, இளமஞ்சள்தான். பல்லின் மூன்று எண்களையும் ஒன்றாக்கினால், பொன்னிற முகத்தின் நடுவே அது நீலம் கலந்த சாம்பலாகக் கண்ணில் படும். ஆகவே மூன்றையும் சமமாக்க வேண்டாம். இடைவெளியை 40-ஐ ஒட்டிக் கொண்டுவந்தால் போதும்.

எல்லையை நகர்த்தியபின் Saturation -50 கொடுத்தால் எண்கள் ஏறத்தாழ R 193, G 176, B 150 ஆகும். இடைவெளி 43, மஞ்சள் விலகிவிட்டது. ஆனால் சிவப்பைப் பாருங்கள், 214-லிருந்து 193-க்கு இறங்கியிருக்கிறது. பச்சையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீலம் மட்டுமே ஏறியது, கண் உணரும் வெளிச்சத்தில் நீலத்தின் பங்கோ மிகக் குறைவு. அதாவது மஞ்சளை எடுத்த அதே அசைவில் பல் கொஞ்சம் இருண்டும் விட்டது. சாம்பல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இருட்டைத்தான். நிறத்தை எடுத்தோமே தவிர, அதோடு போன வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதைத் திருப்பிக் கொடுக்க Lightness வேண்டாம். Master-இல் அதை ஏற்றினால் வெள்ளைப் பூச்சு கலந்ததுபோல் ஆகி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள கோடு வெளிறி, வரிசை முழுவதும் ஒரே தகடாகத் தெரியும். மேலே ஒரு Curves லேயர் சேர்த்து, Alt-ஐ அழுத்தியபடி முதல் மாஸ்க்கை அதன்மேல் இழுத்து நகலெடுங்கள். வளைவில் Input 180 உள்ள இடத்தை Output 190-க்கு ஏற்றி, Input 60-இல் ஒரு புள்ளி வைத்து அதை அசையாமல் நிறுத்துங்கள். இப்போது பல் R 203, G 186, B 160 அருகில் வரும். இடைக்கோடுகளின் இருட்டு அப்படியே இருக்கும். விழியைவிட ஒரு பொட்டு குறைவாகவே பல் நிற்கிறது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். விழியைத் தாண்டிவிட்டால் படத்தைப் பார்ப்பவரின் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும்.

இந்த எண்கள் இந்த ஒரு படத்துக்கானவை. அடுத்த படத்தில் விழியை மறுபடி அளந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்குப் பிறகும் படம் செயற்கையாகத் தெரிந்தால் மாஸ்க்கைப் பாருங்கள். சிரிப்பின் ஓரத்துப் பற்கள் கன்னத்தின் நிழலில் இருப்பவை, இயல்பாகவே மங்கலானவை. முன்பல் அளவுக்கு அவற்றையும் வெளுத்தால் வாயின் வளைவு தட்டையாகிவிடும். கோரைப்பல்லுக்குப் பின்னால் போகும்போது மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷை 50% Opacity-யில் ஒருமுறை ஓட்டுங்கள். படத்தை 300%-க்குப் பெரிதாக்கி வேலை செய்யலாம், முடிவெடுப்பதை 100%-இல் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை கைகொடுக்காத இடமும் உண்டு. பாம்பனில் கரையேற்றிய படகின் நிழலில் நிற்கவைத்து நண்பகலில் எடுத்த படங்களில், முகத்தில் விழுவது வானத்தின் நீல வெளிச்சம். பல்லை அளந்தால் R 168, G 172, B 174 போல் வரும். அங்கே Yellows பிடிப்பதற்கு மஞ்சளே இல்லை, -100 வைத்தாலும் ஒன்றும் அசையாது. அந்தப் படத்துக்கு லைட்ரூமே மேல். முதலில் முழுப்படத்தின் Temp-ஐ ஏற்றி முகத்தைச் சரிக்குக் கொண்டுவந்து, பிறகு பல்லில் பிரஷ்ஷால் Exposure மட்டும் +0.20 கொடுத்தால் முடிந்தது.

பெரியவர்களின் வெற்றிலைக் கறை வேறு கதை. அது செம்பழுப்பு, Reds-இல்தான் சிக்கும். Reds-ஐத் தொட்டால் ஈறும் உதடும் சேர்ந்து வெளிறும் என்பதால் அங்கே மாஸ்க்கை ஒவ்வொரு பல்லாக வரைய வேண்டும், அளவும் -25-ஐத் தாண்ட வேண்டாம். கறை படிந்த பல் முழு வெள்ளையாக வந்தால் வீட்டார் முதலில் கேட்பது, “என்ன தம்பி, அப்பாவுக்குப் பல்செட் மாட்டிவிட்டீங்களா?” என்றுதான்.