தானியங்கி டப்பிங்கா, வாய்ஸ் குளோனா, ஆள் வைத்துப் பேசுவதா?

ஆங்கிலத்தில் எடுத்து முடித்த ஒரு வீடியோ. வீட்டு வயரிங்கை எப்படிச் சரிபார்ப்பது என்று சேனல்காரர் சொல்லிக்கொடுக்கிறார், நடுவில் ஒரு எலக்ட்ரீஷியனைப் பேட்டியும் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைத் தமிழுக்குக் கொண்டுவர மூன்று வழி இருக்கிறது. வீடியோ தளமே செய்து தரும் தானியங்கி டப்பிங், தனி மென்பொருளில் பேசியவரின் குரலையே குளோன் செய்வது, அதாவது அவர் குரலைப் போலவே ஒரு செயற்கைக் குரலை உருவாக்கிப் பேசவைப்பது, பழையபடி டப்பிங் கலைஞரை வைத்துப் பேசவைப்பது.

முதல் இரண்டுக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். பேச்சை எழுத்தாக்கி, மொழிபெயர்த்து, அதை ஒரு செயற்கைக் குரலில் பேசவைத்து, மூலத்தில் அந்த வாக்கியம் எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் பொருத்துகிறார்கள். தமிழ் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான். 'டர்ன் இட் ஆஃப் பிஃபோர் யூ டச் இட்' என்பது எட்டு அசை, ஒன்றரை நொடியில் முடிந்துவிடும். இயந்திரம் கொடுப்பது 'இதைத் தொடுவதற்கு முன்பு இதை அணைத்துவிடுங்கள்'. பதினேழு அசை! அதே ஒன்றரை நொடிக்குள் திணித்தால் பேச்சு ஓட்டமாய் ஓடுகிறது, அடுத்த வாக்கியத்தில் இடம் கிடைத்ததும் திடீரென்று நிதானமாகிறது. 'அணைச்சிட்டுத் தொடுங்க' என்று மாற்றினால் ஏழு அசையில் முடிகிறது, கேட்கவும் ஆள் பேசுவது போல இருக்கிறது. குரலை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்தக் கோளாறு போகாது, வசனத்தைத்தான் மாற்றி எழுத வேண்டும்.

இங்கேதான் முதல் வழி பின்தங்குகிறது. யூடியூப் 2024 டிசம்பரில் தானியங்கி டப்பிங்கை விரிவாக்கியபோது (அப்போது இந்திய மொழிகளில் இந்தி மட்டும்) கைக்காசு செலவில்லாமல் கிடைத்தது, தானாக டப் செய்தது என்ற குறிப்பு வந்தது, பார்ப்பவர் மூல ஒலிக்கு மாறிக்கொள்ளவும் முடிந்தது. ஆனால் பிடிக்காத டப்பை எடுத்துவிட முடிந்ததே தவிர, ஒரு வரியை மட்டும் திருத்த அப்போது வழி வைக்கவில்லை. தனி டப்பிங் மென்பொருள்கள் பலவற்றில் வசனம் வரிவரியாக நேரக்குறிப்போடு கையில் கிடைக்கும், திருத்திய வரியை மட்டும் மறுபடி பேசவைக்கலாம். காசு போனாலும் இதற்காகவே கொடுக்கலாம்.

சரி, வந்ததை எப்படிச் சோதிப்பது? தமிழ் தெரிந்த ஒருவர் மூலத்தைப் பார்க்காமல் டப்பை மட்டும் கேட்கட்டும். எண்களையும் அலகுகளையும் சுருக்கெழுத்துகளையும் எப்படி வாசிக்கிறது, நடுவில் 'நீங்கள்' என்பது 'நீ' ஆகிறதா, எலக்ட்ரீஷியன் வாயிலிருந்து சேனல்காரரின் குரல் வருகிறதா (இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் இது நடக்கும்) என்று கவனித்தாலே பாதிப் பிழை பிடிபட்டுவிடும்.

அப்புறம் அனுமதி. சேனல்காரர் தன் குரலைக் குளோன் செய்துகொள்வது அவர் பாடு. எலக்ட்ரீஷியன் ஒத்துக்கொண்டது கேமரா முன் ஆங்கிலத்தில் பேசுவதற்குத்தான். தனக்குத் தெரியாத மொழியில் தன் குரலே 'நியூட்ரலைத் தொட்டால் ஒன்றும் ஆகாது' என்று தப்பாகச் சொன்னால், கேட்பவர் அதை அவர் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார். பொதுவான செயற்கைக் குரலில் அதே பிழை வந்தால் மொழிபெயர்ப்பு சொதப்பிவிட்டது என்றாவது தோன்றும். குளோன் எவ்வளவு தத்ரூபமோ அவ்வளவுக்குப் பிழையின் பழி பேசியவர் தலையில் விழுகிறது.

வாங்கிய அனுமதி எதுவரை செல்லும் என்பதும் சிக்கல்தான். சில்வெஸ்டர் ஸ்டலோனுக்குப் பிரெஞ்சில் நெடுங்காலம் குரல் கொடுத்த அலைன் டோர்வால் 2024-இல் இறந்தார். 2025 ஜனவரியில் ஒரு ஸ்டலோன் படத்துக்காக செயற்கைக் குரல் நிறுவனமான எலெவன்லேப்ஸ் டோர்வாலின் குரலைச் செயற்கையாக உருவாக்கியதும் பிரான்சில் எதிர்ப்பு கிளம்பியது. சோதனை செய்து பார்க்கத்தான் ஒத்துக்கொண்டோம் என்றார் அவருடைய மகள். 'சரி' என்பது எதற்குச் சரி என்று எழுதிவைக்காவிட்டால் இதுதான் கதி.

மூன்றாவது வழி செலவும் நாளும் பிடிப்பது. ஆனால் அழுகையோ கோபமோ கிண்டலோ வரும் வீடியோவுக்கு வேறு வழியைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2025 கடைசியில் அமேசான் பிரைம் வீடியோ 'பனானா ஃபிஷ்' அனிமேவுக்கு ஏஐ ஆங்கில டப் போட்டு, உயிரில்லாத பேச்சு என்று ரசிகர்கள் வறுத்தெடுத்ததும் எடுத்துவிட்டது. தவிர, கலைஞர் வசனத்தை வாயில் போட்டுப் பார்க்கும்போதே நீளமான வரியைச் சுருக்கிவிடுவார்.

வயரிங் வீடியோவுக்கு என் தேர்வு: இரண்டாவது வழி, கையால் திருத்திய வசனம், சேனல்காரருக்கு அவருடைய குளோன், எலக்ட்ரீஷியனுக்கு உரிமத்தோடு கிடைக்கும் பொதுக் குரல். அவர் குரலேதான் வேண்டுமென்றால் எந்த வீடியோ, எந்த மொழி, எத்தனை காலம், வெளியிடும் முன் அவர் சார்பில் தமிழ் தெரிந்த யார் கேட்டுச் சொல்வது, வேலை முடிந்ததும் குரல் மாதிரியை அழிப்பது யார் பொறுப்பு என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே குரல் கோப்பை மென்பொருளில் ஏற்றுங்கள்.